சீயக்காய் ஒரு பக்கம், ஷாம்பு ஒரு பக்கம்: ஒரே தலையில தேய்ச்சுப் பார்த்தது

சீயக்காய் தேய்ச்சா முடி மெத்துமெத்துன்னு இருக்குன்னு சொல்றவங்களும் இருக்காங்க, தேய்ச்சதும் வரவரன்னு ஆகி சீப்பே இறங்கலன்னு சொல்றவங்களும் இருக்காங்க, ரெண்டு பேருமே உண்மையத்தான் சொல்றாங்க. தலைக்கு ஊத்துறதுக்கு முன்னாடி முடியில எண்ணெய் இருந்துச்சா இல்லையா, சீயக்காய தூளாவே அப்புனாங்களா இல்ல ஊறவச்சு வடிகட்டுன தண்ணியா ஊத்துனாங்களா, இந்த ரெண்டு கேள்விக்குப் பதில் தெரிஞ்சா யார் தலையில சிக்கு விழும்னு முக்கால்வாசி சொல்லிடலாம். நான் துணி சாயப்பட்டறை லேப்ல வேலை பாக்குறவ, நூல்ல இருக்குற எண்ணெயும் மெழுகும் போற மாதிரி கழுவுறதுதான் என் தினப்படி வேலை, அதனால இத ஊகமா பேசாம நேரா ஒரு தலையில வச்சே பாக்கலாம்னு தோணுச்சு. தலை என் அக்கா பொண்ணோடது. இடுப்புக்குக் கீழ வரைக்கும் முடி, லேசா சுருள், டை எதுவும் போடாதது, நல்லா சிக்கு விழுற வகை. அவளும் சந்தோஷமா சம்மதிச்சா.

முதல்ல கஷாயம். காய்ஞ்ச சீயக்காய் 40 கிராம், விதைய எடுத்துட்டு ஓட்ட மட்டும் உடைச்சு வச்சேன். பூந்திக்கொட்டைலயும் உள்ள இருக்குற கறுப்பு விதை எதுக்கும் உதவாது, மேல இருக்குற பிசுபிசுன்னு ஒட்டுற தோல்தான் நுரைக்கும், அந்தத் தோல் மட்டும் 10 கிராம். ரெண்டையும் 800 மில்லி தண்ணில ராத்திரியே ஊறப்போட்டு காலைல அதே தண்ணியோட அடுப்புல வச்சு, கொதி வந்ததும் தீய நல்லா குறைச்சு ஒரு பதினஞ்சு நிமிஷம் விட்டேன். இதுக்கு இரும்புச் சட்டி வேண்டாம், சீயக்காய்ல துவர்ப்பு இருக்கு, அது இரும்போட சேர்ந்து தண்ணிய மை நிறத்துக்குக் கொண்டுபோயிடும், எவர்சில்வர் போதும். ஆறுனதும் கையால நல்லா பிசைஞ்சு பழைய வேட்டித் துணில வடிகட்டுனா 600 மில்லி போல வந்துச்சு, திக்கான டிகாஷன் நிறம். பிஹெச் பேப்பர முக்குனா 4க்கும் 5க்கும் நடுவுல காட்டுச்சு, அதாவது லேசான புளிப்பு. குளியல் சோப்பு கரைச்ச தண்ணி 9, 10னு போகும், முடிய வரவரன்னு ஆக்குறதுல அதுக்கு ஈடு கிடையாது, அதோட உப்புத்தண்ணியா இருந்தா சோப்பு அதுல இருக்குற கால்சியத்தோட சேர்ந்து வெள்ளையா பிசுக்கா முடியிலயே படிஞ்சுடும். சீயக்காய்லயும் பூந்திக்கொட்டைலயும் அழுக்க எடுக்குறது சபோனின், அது சோப்பு மாதிரி அப்படி திரியாது, ஷாம்பும் திரியாது. அதனால போர் தண்ணி வீடுகள்ல தலைக்கு சோப்பு போடுறதவிட இது ரெண்டுல எதுவா இருந்தாலும் மேல்.

தலைல ஊத்துறதுக்கு முன்னாடி கஷாயத்துக்கு சத்து இருக்கான்னு பாக்க ஒரு தட்டு போதும். எவர்சில்வர் தட்டுல ரெண்டு சொட்டு நல்லெண்ணெய் விட்டு விரலால முழுக்க பூசிடுங்க, மேல ஒரு ஸ்பூன் கஷாயம் விட்டு அரை நிமிஷம் தேய்ங்க, அப்புறம் பச்சத்தண்ணில அலசிட்டு தட்ட செங்குத்தா நிமித்திப் பாருங்க. தண்ணி ஒரே படலமா வழிஞ்சு இறங்குனா எண்ணெய் முழுசா போயிருக்கு, முத்து முத்தா உருண்டு நின்னா அங்க இன்னும் எண்ணெய் இருக்கு. ஷாம்பு தேய்ச்ச தட்டுல படலமா இறங்குச்சு. சீயக்காய் மட்டும் போட்ட கஷாயத்துல பாதித் தட்டுல முத்து நின்னுச்சு, பூந்திக்கொட்டை சேர்த்த கஷாயத்துல ஓரத்துல மட்டும் அங்கங்க நின்னுச்சு, பூந்திக்கொட்டைய மட்டும் காய்ச்சி தேய்ச்சா கிட்டத்தட்ட ஷாம்பு மாதிரியே இறங்குச்சு. எண்ணெய் எடுக்குற பலம் எதுக்கு எவ்வளவுங்குறது இந்தத் தட்டுலயே தெரிஞ்சுடுது. நுரைய வச்சு பலத்த எடை போடாதீங்க, எண்ணெய் நிறைய இருக்குற எடத்துல எந்த நுரையும் நிக்காது, ஷாம்பும் எண்ணெய்த் தலைல முதல் தடவை நுரைக்கவே நுரைக்காது.

இப்ப தலை. நடு வகிடு எடுத்து ரெண்டா பிரிச்சு, ஒவ்வொரு பக்கத்துக்கும் 10 மில்லி நல்லெண்ணெய் அளந்து வேர்ல இருந்து நுனி வரைக்கும் தடவி அரைமணி நேரம் விட்டோம். இடது பக்கம் கஷாயம், வலது பக்கம் சாதாரண ஷாம்பு, கண்டிஷனர் இல்லாம. ஒரு பக்கம் அலசும்போது இன்னொரு பக்கத்த பிளாஸ்டிக் கவர்ல சுத்தி கட்டிடணும், இல்லன்னா தண்ணி மாறி ஓடி எல்லாம் கலந்துடும். இடது பக்கம் முதல்ல 200 மில்லி ஊத்தி விரல் நுனியால மண்டைத் தோல தேய்ச்சப்ப வழிஞ்ச தண்ணி பழுப்பா பால் கலந்தாப்ல இருந்துச்சு, எண்ணெய் பொடிப்பொடியா உடைஞ்சு தண்ணியோட போறதுக்கு அதுதான் அடையாளம், தெளிஞ்ச தண்ணியா வந்தா எண்ணெய் இன்னும் முடியிலயே உக்காந்திருக்குன்னு அர்த்தம். அலசிட்டு ரெண்டாவது தடவை இன்னொரு 100 மில்லி. வலது பக்கம் ஷாம்பு ரெண்டு தடவை, ரெண்டாவதுல நுரை பொங்கிடுச்சு. ஈரத்துலயே வித்தியாசம் கைல தெரிஞ்சுச்சு, வலது பக்கம் ஒரு முடிய ரெண்டு விரலுக்கு நடுவுல வச்சு இழுத்தா கீச்சுன்னு சத்தம் வந்துச்சு, இடது பக்கம் சத்தமில்லாம வழுக்கிட்டுப் போச்சு.

காத்துல காய விட்டு (டிரையர் போட்டா எது எதனால ஆச்சுன்னு சொல்ல முடியாது) வெள்ளை டிஷ்யூ பேப்பர ரெண்டு பக்கமும் வேர்கிட்ட வச்சு அழுத்துனோம். சீயக்காய் பக்கத்துல வெளிச்சத்துல பிடிச்சா தெரியுற அளவுக்கு மங்கலா ஒரு எண்ணெய்க்கறை, ஷாம்பு பக்கம் சுத்தமா ஒண்ணுமில்ல. இந்த மங்கலான கறைதான் விஷயமே. கஷாயம் எண்ணெய முழுக்க எடுக்கல, மெல்லிசா ஒரு படலத்த முடி மேல விட்டு வச்சிருக்கு, முடியும் முடியும் உரசுற எடத்துல அது வழுவழுப்பு குடுக்குது, அந்தப் பக்கம் மெத்துன்னு இருக்குறதுக்கு காரணம் சீயக்காயோட தனி மகிமைன்னு சொல்றதவிட, அது மிச்சம் விட்ட எண்ணெய்னு சொல்றதுதான் சரி. சனி, புதன்ல எண்ணெய் தேய்ச்சுக் குளிக்கச் சொன்ன ஆளுங்க எண்ணெயையும் சீயக்காயையும் ஒரு ஜோடியாத்தான் வச்சிருக்காங்க, நாம எண்ணெய விட்டுட்டு சீயக்காய மட்டும் எடுத்துக்கிட்டா ஜோடில பாதி போயிடுது.

சீவும்போது பெரிய பல்லு சீப்பால நுனிலருந்து ஆரம்பிச்சு கொஞ்சம் கொஞ்சமா மேல ஏறணும், மேலருந்து இழுத்தா எல்லா சிக்கும் கீழ ஒரே முடிச்சா சேர்ந்துடும். சீப்புல வந்த முடிய ரெண்டு பக்கமும் தனித்தனியா வெள்ளைத் துணில போட்டு வச்சோம். இதுல எத்தனை முடி வந்துச்சுங்குறதவிட எப்படிப்பட்ட முடி வந்துச்சுன்னு பாக்குறது முக்கியம். ஒரு முனைல வெள்ளையா குட்டியா உருண்டை இருக்குற நீள முடி தானா உதிர்ந்தது, அது எத தேய்ச்சாலும் வரும். உருண்டை இல்லாம விரல் நீளத்துக்கு, அரை சாண் நீளத்துக்குன்னு வர்றது சீவும்போது அறுந்தது, அதுதான் சிக்கோட கணக்கு. ஷாம்பு பக்கத்துல பிடரிகிட்ட ஒரு முடிச்சு விழுந்துச்சு, அறுந்த துண்டு கண்கூடா அதிகம். சீயக்காய் பக்கத்துல வந்தது பெரும்பாலும் உருண்டை உள்ள முடிதான்.

ஆனா இதோட நிறுத்துனா அது ஷாம்புக்கு அநியாயம், ஏன்னா கண்டிஷனர் இல்லாத ஷாம்பு பாதி வேலைதான். அடுத்த குளியல்ல அதே எண்ணெய், அதே கஷாயம், வலது பக்கம் மட்டும் ஷாம்புக்கு அப்புறம் நடுலருந்து நுனி வரைக்கும் கண்டிஷனர் தடவி அலசுனோம். சீப்பு விஷயத்துல இந்தத் தடவை வலது பக்கம் ஜெயிச்சுடுச்சு, ஈரத்துலயே சீப்பு தடையில்லாம இறங்குச்சு, அறுந்த துண்டு ரெண்டு பக்கத்துலயும் ரொம்பக் கம்மி. காரணம் நான் வேலைல தினம் பாக்குறதுதான். தண்ணில நனைஞ்ச முடியோட மேல்பக்கம் எதிர்மின் ஏறினதா இருக்கும், தேய்மானமான நுனில அது இன்னும் அதிகம். கண்டிஷனர்ல இருக்குற பொருள் நேர்மின் உள்ளது, அதனால எங்க தேஞ்சிருக்கோ அங்கேயே தேடிப் போய் ஒட்டிக்குது, அலசுனாலும் ஒரு படலம் நிக்குது, நாங்க துணிக்குப் போடுற சாஃப்ட்னரும் அதே குடும்பம்தான். சபோனினுக்கு அந்த ஒட்டுற குணம் கிடையாது, அழுக்க எடுத்துட்டு தண்ணியோட அதுவும் போயிடும். அதனால சீயக்காய் தேய்ச்ச முடில வழுவழுப்பு வேணும்னா அது வேற எங்கயாவதுலருந்துதான் வரணும், ஒண்ணு எண்ணெய், இன்னொண்ணு கொழகொழப்பு.

அந்தக் கொழகொழப்பு தனியா பாக்க வேண்டிய விஷயம். எண்ணெய் வைக்காம, ரெண்டு நாள் வெயில்லயும் தூசிலயும் அலைஞ்ச தலைல அதே கஷாயத்த ஊத்துனப்ப இடது பக்கம் நல்லா சுத்தமாச்சு, ஆனா காய்ஞ்சதும் வரவரன்னு ஆகி பிடரில முடிச்சு விழுந்துச்சு, கண்டிஷனர் இல்லாத ஷாம்பு பக்கத்துக்கும் அதுக்கும் பெருசா வித்தியாசம் இல்ல. சீயக்காய்னா வறட்சின்னு சொல்றவங்க பாக்குறது இதத்தான். அடுத்து அதே மாதிரி எண்ணெய் இல்லாத தலைக்கு, கஷாயத்துல தேய்ச்சு அலசுனதுக்கு அப்புறம் செம்பருத்தி இலைச் சாறு விட்டோம். பத்துப் பதினஞ்சு இலைய அரை டம்ளர் பச்சத்தண்ணில போட்டு கசக்குனா முட்டை வெள்ளைக்கரு பதத்துல வழவழன்னு வரும், அதத் துணில வடிகட்டி முடியோட கீழ்ப்பாதில தடவி, அது இருக்கும்போதே சீப்பால சிக்கெடுத்துட்டு அப்புறம் லேசா அலசணும். சாறு இருக்குறப்பவே சீவுறதுதான் சூட்சுமம், ஏன்னா அதோட வழுக்கல் ஈரமா இருக்குற வரைக்கும்தான், அலசுனா பெரும்பாலும் போயிடும். இலை கிடைக்காதவங்க ஒரு ஸ்பூன் வெந்தயத்த ராத்திரி ஊறப்போட்டு அந்தக் கொழகொழ தண்ணிய மட்டும் வடிச்சு எடுத்துக்கலாம், வெந்தயத்த அரைச்சு அப்ப வேண்டாம், தோல் துணுக்கு முடில மாட்டிக்கும். சோறு வடிச்ச கஞ்சில சீயக்காய குழைக்கிற பழக்கமும் இதே வேலைக்குத்தான், கஞ்சி வழுக்கலும் குடுக்குது, எண்ணெயையும் கொஞ்சம் பிடிச்சுக்குது, என்ன, திக்கா இருந்தா அலசுறதுக்கு நிறைய தண்ணி வேணும், இல்லன்னா காய்ஞ்சதும் முடி விறைச்சுக்கும்.

துணுக்குன்னு சொன்னதும் தூள் கதைக்கு வந்துடுறேன், என் கணக்குல சீயக்காய் மேல இருக்குற கெட்டபேர்ல பெரும்பங்கு இந்தத் தூளாலதான். மில்லுல அரைச்ச தூள குழைச்சு அப்புன முடில ஒரு இழைய லென்ஸ் வச்சுப் பார்த்தா நார் நாரா பழுப்புத் துணுக்கு ஒட்டிக்கிட்டு நிக்கும். எத்தனை குடம் ஊத்தினாலும் நீள முடில அது முழுசா போகாது, தேய்க்கும்போது அந்த நார் முடி மேல உரசும், காய்ஞ்சதுக்கு அப்புறம் ரெண்டு முடிக்கு நடுவுல கொக்கியா நின்னு முடிச்சு போட வைக்கும். இடது பக்கத்துல ஒரு தடவை வேணும்னே தூள் குழைச்சு அப்பிப் பாத்தோம், எண்ணெய் வச்ச தலைதான், இருந்தும் அறுந்த துண்டு வடிகட்டுன கஷாயத்தவிட நல்லா கூடிடுச்சு, தலையணை உறைல மறுநாளும் பழுப்புத் தூள் கொட்டுச்சு. வீட்டுல அரைச்ச தூள் ஏற்கனவே நிறைய இருக்குன்னா தூக்கிப் போட வேண்டாம். மூணு டேபிள்ஸ்பூன் தூள கால் லிட்டர் சுடுதண்ணில அரைமணி நேரம் ஊறவச்சு ரெட்டைத் துணில பிழிஞ்சு எடுத்தா கஷாயம் மாதிரியே ஆயிடும். குட்டை முடி இருக்குறவங்களுக்கு இது பெரிய பிரச்சனை இல்ல, அவங்களுக்கு அலசுறது லேசு. தூளோட பச்சைப்பயறு, பூலாங்கிழங்கு, ஆவாரம்பூன்னு சேர்த்து அரைக்கிறவங்களுக்கும் இதேதான், சேர்மானம் கூடக்கூட நாரும் கூடும், வடிகட்டுறது இன்னும் அவசியம்.

பூந்திக்கொட்டைய மட்டும் தனியா தேய்ச்சா எண்ணெய் நல்லாவே போகும், நுரையும் வரும், நகைக்கடைக்காரங்க நகை கழுவுறதுக்கும் பட்டுச்சேலை அலசுறதுக்கும் அத வச்சிருக்குறது சும்மா இல்ல. ஆனா தலைக்குத் தனியா வேண்டாம்ங்குறது என் முடிவு, சீயக்காய்க்குத் துணையா கால் பங்குக்குள்ள போதும், அதுக்கு மேல போனா எண்ணெய் மிச்சம் விடாது, ஷாம்பு பக்கத்துல கேட்ட அதே கீச்சு சத்தம் இங்கயும் வந்துடும். கண்ணு விஷயத்துலயும் இது பொல்லாதது. கண்டிப்பா எரியும், கண்ண இறுக்க மூடிக்கிட்டு தலைய பின்னாடி சாய்ச்சுத்தான் ஊத்தணும், பட்டுடுச்சுன்னா கசக்காம நிறைய பச்சத்தண்ணி விட்டுக் கழுவணும், கழுவியும் எரிச்சலும் சிவப்பும் அடங்கலன்னா டாக்டர்கிட்ட காட்டணும். சின்னப் பசங்களுக்கு இத விட்டுட்டு அரப்பு பாக்கலாம்.

அரப்பு உசிலை மரத்து இலை, நுரை கம்மி, எண்ணெய் எடுக்குற பலமும் சீயக்காயவிட கொஞ்சம் கம்மி. தட்டுல வச்சுப் பார்த்தப்ப முக்காவாசி முத்து நின்னுச்சு. கொஞ்சமா எண்ணெய் தேய்ச்ச தலைக்கு அது போதும். இதையும் வடிகட்டணும், இலைத்தூள் நார விட மெல்லிசா இருக்குறதால ரெட்டைத் துணி இல்லாம முடியாது.

இவ்வளவும் டை போடாத முடிக்கு. அக்கா தலைக்கு நிலைமை வேற, அவ ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை கலர் பண்றவ, முன்னாடி ஒருவாட்டி பிளீச்சும் பண்ணியிருக்கா. முடியோட வெளிப்பக்கத்துல இயற்கையாவே வழுக்குற மாதிரி ஒரு மெல்லிய கொழுப்புப் படலம் முடியோட ஒட்டியே இருக்கும், பிளீச் அத அரிச்சு எடுத்துடும், அது திரும்ப வராது. அந்த முடில சீயக்காய் கஷாயம், எண்ணெயோட சேர்த்துத் தேய்ச்சும்கூட, கீழ்ப்பாதில சிக்கு விழுறது நிக்கல, செம்பருத்திச் சாறு இருக்குறப்ப இறங்குன சீப்பு காய்ஞ்சதும் நின்னுடுச்சு. கண்டிஷனர்தான் சரிப்பட்டு வந்துச்சு. அதனால அவளுக்கு வேர்ல கஷாயம், அலசுனதும் கீழ்ப்பாதில கண்டிஷனர்னு மாத்திக்கிட்டோம், ரெண்டையும் கலந்து போடக்கூடாதுன்னு எந்த விதியும் இல்ல. அவ தினம் தடவுற சிலிக்கான் சீரம் வேற ஒரு விஷயம், கஷாயத்தால அத சரியா எடுக்க முடியல, வாரங்கள் போகப்போக முடி கனத்து தொங்குச்சு, நடுநடுவுல ஒரு ஷாம்பு போட்டாத்தான் அது போகுது.

கடைல சீயக்காய்னு பேர் போட்டு பாட்டில்ல வர்றத வாங்குறவங்க பின்னாடி இருக்குற பொருள் பட்டியல ஒருவாட்டி படிங்க. தண்ணிக்கு அடுத்து சோடியம் லாரெத் சல்பேட்னு இருந்தா அழுக்க எடுக்குறது பெரும்பாலும் அதுதான், சீயக்காய் சாறு பட்டியல்ல கீழ எங்கயோ இருக்கும். அது கெட்ட பொருள்னு நான் சொல்லல, நல்லா சுத்தம் பண்ணும், ஆனா எண்ணெய மிச்சம் விடுற அந்த மெல்லிசான வேலைய அதுகிட்ட எதிர்பார்க்க முடியாது. அதே பட்டியல்ல பாலிகுவாட்டர்னியம் 10, இல்ல குவார்னு ஆரம்பிச்சு ட்ரைமோனியம் குளோரைடுன்னு முடியுற நீளப் பேரு இருந்தா அது சிக்குக்காக சேர்த்தது, அலசும்போது முடில படியுற மாதிரி செஞ்சது, நீள முடிக்கு அந்த மாதிரி பாட்டில எடுங்க.

கடைசியா கஷாயம் எவ்வளவு நாள் தாங்கும்னா, ஃபிரிட்ஜ்ல மூடி வச்சா ரெண்டு மூணு நாள், வெளிய வச்சா வெயில் காலத்துல மறுநாளே புளிச்சுடும். மேல சின்னச்சின்னதா குமிழி வந்து, மூடியத் திறந்ததும் புளிச்ச வாடை அடிச்சா ஊத்திடுங்க. அதிகமா காய்ச்சுறவங்க ஐஸ் தட்டுல ஊத்தி உறைய வச்சு, வேணுங்குறப்ப ஒரு குளியலுக்கு வேண்டிய அளவு கட்டி எடுத்து இளஞ்சூட்டுல கரைச்சுக்கலாம், தட்டு சோதனைல அதோட பலம் குறையல. சீயக்காய உடைக்கும்போது மட்டும் மூக்குல துணி கட்டிக்கோங்க, அந்தத் தூசி ஏறிச்சுன்னா தும்மல் நிக்கவே நிக்காது.